வட்டியைக் கையில் வாங்குவதா, உள்ளேயே விடுவதா?

வங்கியில் 1 லட்சம் ரூபாயை வைப்புநிதியாகப் போடுகிறீர்கள். வட்டி ஆண்டுக்கு 7.2%. படிவத்தில் இரண்டு வழிகள் இருக்கும்: வட்டியை அவ்வப்போது வாங்கிக்கொள்ளலாம், அல்லது அசலோடு சேர்க்கச் சொல்லலாம்.

வாங்கிச் செலவழித்தால் ஆண்டுக்கு 7,200 ரூபாய்தான், என்றைக்கும் அதேதான். 10 ஆண்டில் வட்டி மொத்தம் 72,000.

உள்ளே விட்டால் முதல் ஆண்டு அதே 7,200. இரண்டாம் ஆண்டு 7,718. வெறும் 518 ரூபாய் கூடுதல். இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். ஆனால் பத்தாம் ஆண்டு முடிவில் கையில் சுமார் 2 லட்சம்.

இதற்குக் கணிப்பான் தேவையில்லை. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் வரும்: 72 ÷ 7.2 = 10. அப்புறம் இன்னொரு 10 ஆண்டு போனால் 4 லட்சம். வட்டியைக் கையில் வாங்கியவருக்கு அப்போது அசலும் வட்டியும் சேர்ந்தே 2.44 லட்சம்தான்.

பலர் தவறுவது வரியில். வட்டிக்கு 20% வரி கட்டுபவருக்கு உண்மையில் நிற்பது 5.76%, 72-ஐ அதால் வகுங்கள், 12.5 ஆண்டு. வட்டி 30%-க்கு மேல் போனால் இந்தக் குறுக்குவழி கொஞ்சம் பிசகும். அவ்வளவு வட்டி தருவதாக யாராவது சொன்னால், சரி, கணக்கை விடுங்கள், ஆளை விசாரியுங்கள்.