திருச்சி வீடும் இரண்டு பராமரிப்பு நிறுவனங்களும்: ஆறு வருட அனுபவம்

அம்மா போன பிறகு திருச்சி கருமண்டபத்தில் இருக்கும் எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. நானும் தங்கையும் சிங்கப்பூரில் இருக்கிறோம். ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவரைப் பிளம்பர் பின்னால் அலையவிட மனசு வரவில்லை. அதனால் வெளிநாட்டுக்காரர்களின் வீட்டைப் பார்த்துக்கொண்டு வாடகையும் வசூலித்துத் தரும் ஒரு நிறுவனத்திடம் விட்டோம். அவர்களோடு இரண்டரை வருடம், இப்போது இருப்பவர்களோடு நான்காவது வருடம்.

முதல் நிறுவனம் வாடகையில் எட்டு சதவீதம் எடுத்துக்கொள்ளும். வாடகை 14,000. அது அவர்கள் கணக்குக்குப் போய், கூலியும் பழுதுச் செலவும் கழிந்து, பத்தாம் தேதிக்குள் மீதி எனக்கு வரும். ஒரு வருடத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லை. அப்புறம் குடியிருந்தவர் காலி செய்தார். அதன்பின் நான்கு மாதம், "ஆள் அமையவில்லை சார், வீடு காலியாகத்தான் இருக்கிறது" என்றார்கள். வாரம் ஒருமுறை பெருக்கித் துடைத்த கூடத்தின் படமும் வந்தது.

பாக்கி ஏதும் நின்று இணைப்பைத் துண்டித்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில்தான் மின்வாரியத் தளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மாதக் கணக்கில் 412 யூனிட். ஒரு பத்து வாட் பல்பு ராத்திரி முழுக்க எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு ஏழெட்டு யூனிட்தான் வரும். 412 என்றால் ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். "முகூர்த்த நாளானா வேன்ல வந்து இறங்குறாங்களே தம்பி, உங்க சொந்தக்காரங்கன்னு நினைச்சேன்" என்றார். நிறுவனத்தின் களப்பணியாள் வீட்டை நாள் வாடகைக்கு விட்டிருந்தார்.

அதே வாரம் காலி செய்துபோனவரும் கூப்பிட்டார். அவர் கொடுத்த அட்வான்ஸ் 60,000 திரும்பி வரவில்லையாம். ஓனர் இன்னும் அனுப்பவில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்; திருப்பிக் கொடுத்தாயிற்று என்று என்னிடம் சொன்னார்கள். அந்தப் பணம் முதலிலிருந்தே அவர்கள் கணக்கில்தான் இருந்தது. மூன்று மாதம் மல்லுக்கட்டித்தான் அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். என்னை நம்பிக் குடிவந்தவர் அவர், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது நிறுவனத்தோடு பேசும்போது ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்: வீட்டைப் பார்க்கிறவர் கையில் பணம் போகக் கூடாது. வாடகையும் அட்வான்ஸும் நேராக என் என்ஆர்ஓ கணக்குக்கு வரும். அவர்கள் கூலிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில் அனுப்புவார்கள். தங்கள் கணக்குக்கு வந்தால்தான் வசூலைக் கவனிக்க முடியும் என்று முதலில் மறுத்தார்கள். ஐந்தாம் தேதி பணம் வந்ததா இல்லையா என்று நானே ஒரு செய்தி போட்டுவிடுகிறேன் என்றதும் ஒத்துக்கொண்டார்கள்.

அதிகாரப் பத்திரத்தையும் அப்படியே சுருக்கினேன். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து, வீட்டு வரி, மின் இணைப்பு வேலைகள், இவ்வளவுதான். விற்கவோ அடமானம் வைக்கவோ பணம் வாங்கவோ அதில் இடமில்லை. இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பினேன். பத்திரம் இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்; கூரியரில் வந்ததை மேசையில் போட்டு மறந்துவிட்டால் சிக்கல்.

முதல் நிறுவனம் வாயே திறக்காத விஷயம் வரிப்பிடித்தம். வீட்டுக்காரர் வெளிநாட்டுவாசி என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குடியிருப்பவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும். செஸ்ஸோடு 31.2 சதவீதம், என் 14,000-க்கு 4,368. அதற்கு அவர் டான் எண் எடுக்க வேண்டும், காலாண்டுக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு இது பெரிய தலைவலி. இப்போதைய நிறுவனத்தின் கணக்காளர் அந்த வேலையைச் செய்து தருகிறார், கட்டணம் என்னுடையது. எனக்கு இந்தியாவில் வேறு வருமானம் இல்லாததால் ரிட்டர்ன் போட்டுப் பிடித்ததைத் திரும்ப வாங்கிவிடுகிறேன். குடிவருபவரிடம் இதை ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், பாதியில் சொன்னால் மனக்கசப்புதான்.

மின்வாரியத்தில் பதிந்த போன் எண்ணைச் சித்தப்பாவுடையதாக மாற்றிவிட்டேன். ரீடிங் செய்தி வந்ததும் எனக்கு அனுப்பிவிடுவார். சென்ற வருடம் ஆறு வாரம் வீடு காலியாக இருந்தபோது கணக்கு 3 யூனிட். பம்பு ஓட்டிப் பார்த்தது அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. மாடித் தளத்தில் ஐப்பசி மழைக்கு ஒழுகுகிறது. இரண்டு முறை மேலே பூச்சு அடித்துவிட்டுச் சரியாகிவிட்டது என்றார்கள், மூன்றாவது மழையில் அதே மூலையில் ஈரம். தட்டோட்டைப் பெயர்த்துப் பார்க்காமல் இது தீராது. தை மாதம் லீவு போட்டுப் போகிறேன். கொத்தனாரை நிறுத்தி நானே பக்கத்தில் இருந்து பார்க்கப் போகிறேன்.