எதிர்பார்க்கும் சம்பளம்: பூச்சியமா, வீச்சா, ஒரே தொகையா?

கொழும்பிலுள்ள பல நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் சம்பளத்தைச் சொல்லாமலேயே இணைய விண்ணப்பத்தில் நாம் எதிர்பார்க்கும் தொகையைக் கேட்கின்றன. அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகராது என்பதால், விண்ணப்பதாரர்கள் பெரும்பாலும் பூச்சியம், ஒரு வீச்சு, ஒரே தொகை ஆகிய மூன்றில் ஒன்றை இடுகிறார்கள்.

பூச்சியம் இடுவதன் நோக்கம் பேச்சை நேர்முகம் வரை தள்ளிவைப்பது. எழுத்தை ஏற்கும் கட்டமானால் “Negotiable” என்று எழுதி அதைச் செய்யலாம். எண்ணை மட்டும் ஏற்கும் கட்டத்தில் இடும் பூச்சியமோ, சம்பள வாரியாக வடிகட்டும்போது நம் பெயரை எங்கே கொண்டு சேர்க்கும் என்பது நம் கையில் இல்லை.

வீச்சு பாதுகாப்பானதாகத் தோன்றும். எனக்கு அதில்தான் அதிக அச்சம். கையில் 130,000 ரூபாய் பெறும் கணக்கியல் உத்தியோகத்தர் ஒருவர் 160,000 அளவில் கைக்கு வர வேண்டும் என்று எண்ணி, 150,000 முதல் 200,000 வரை என எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். நிறுவனம் பேச்சைக் கீழ் எல்லையிலிருந்தே தொடங்கும். 150,000 முழுவதும் அடிப்படைச் சம்பளமானால், ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 12,000 கழிந்து 138,000 தான் மிஞ்சும். அவர் வேலை மாறியதன் பயன் வெறும் 8,000 ரூபாய்.

ஆகவே, கைக்கு வர வேண்டியதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஒரே தொகையை இடுவதே சிறந்தது. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 வரையான சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. அதற்கு மேல் முதல் படியில் 6 சதவீதம். அடிப்படைச் சம்பளம் 175,000 என்றால் சேமலாப நிதிக்கு 14,000, வரிக்கு 1,500 போக 159,500 கிடைக்கும். அவர் இட வேண்டிய எண் 175,000.

அதே தொகையை 100,000 அடிப்படையாகவும் மிகுதியைக் கொடுப்பனவுகளாகவும் பிரித்து, சேமலாப நிதியை அடிப்படையில் மட்டும் கணக்கிட்டால் கைக்கு 6,000 ரூபாய் கூடுதலாக வரும். ஆனால் நிறுவனம் நிதிக்குச் செலுத்தும் 12 சதவீதமும் சுருங்குவதால் நிதியில் சேரும் தொகை மாதம் 35,000 இலிருந்து 20,000 ஆகிவிடும். கட்டத்தில் இதை விளக்க இடமில்லை. விண்ணப்பக் கடிதத்தில் “மாதாந்த அடிப்படைச் சம்பளம் 175,000 ரூபாய், கழிவுகளுக்கு முன்” என ஒரு வரி எழுத வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனங்களின் படிவங்கள் ஆண்டுத் தொகையைக் கேட்பதுண்டு. அங்கே 175,000 என இட்டால் மாதம் 15,000 கூடக் கேட்காதவராகிவிடுவோம். இட வேண்டியது காற்புள்ளியின்றி 2100000.