ஸ்டேட்மென்ட்டை எக்செல் ஆக்கித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

பி.டி.எஃப் ஸ்டேட்மென்ட்டிலிருந்து காப்பி செய்த வரிகளைக் கணக்கு வரிகளாக மாற்றித் தர, பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒரு டேட்டா என்ட்ரிக்காரரிடம் கொடுத்திருந்தேன். வந்த ஃபைலில் கடைசி இருப்பு வங்கியோடு பைசா சுத்தமாக ஒத்துப்போனது. ஆனால் நடுவில் "சஸ்பென்ஸ் 24,000" என்று ஒரு பற்று வரி. அப்படி ஒரு பணம் என் கணக்கிலிருந்து போகவே இல்லை.

ஒட்டியிருந்த மூலம் இது:

```
01/04/2024 OPENING BAL 48,250.00
03/04/2024 UPI/DR 6,500.00 41,750.00
05/04/2024 CHQ DEP 12,000.00 53,750.00
08/04/2024 CHQ DEP RET 12,000.00 41,750.00
08/04/2024 CHQ RET CHG 590.00 41,160.00
```

காப்பி செய்யும்போது காலியான கட்டம் மறைந்துவிடும். வரிக்கு ஒரு தொகையும் ஒரு இருப்பும்தான் மிஞ்சும். பற்றா வரவா என்பது தெரியாது. இவர் விவரத்தில் DEP என்று கண்ட இடமெல்லாம் வரவில் போட்டிருக்கிறார். எட்டாம் தேதி திரும்பி வந்த செக்கும் வரவாகிவிட்டது. அதனால் இருப்பு 65,160 என்று நின்றது. ஒரு தொகை பக்கம் மாறி விழுந்தால் வித்தியாசம் அதைப்போல இரண்டு மடங்கு காட்டும். 24,000-ஐப் பாதியாக்கித் தேடினால் அந்த வரி உடனே சிக்கியிருக்கும். அவர் தேடவில்லை, சஸ்பென்ஸ் போட்டு மூடிவிட்டார். கேட்டதற்கு, "டோட்டல் டாலி ஆகுதே சார்" என்றார்!

எந்தப் பக்கம் என்பதை விவரம் சொல்லாது, இருப்பு சொல்லும். பழைய தேதி மேலே இருக்கும்படி அடுக்கி, A-யில் தேதி, B-யில் விவரம், C-யில் தொகை, D-யில் இருப்பு வைத்து, தொடக்க இருப்பு 2-ஆம் வரியில் இருந்தால், 3-ஆம் வரியின் E, F, G கட்டங்களில் முறையே இவை:

```
=IF(D3<D2,ROUND(D2-D3,2),"")
=IF(D3>D2,ROUND(D3-D2,2),"")
=ROUND(ABS(D3-D2)-C3,2)
```

முதலாவது பற்று, இரண்டாவது வரவு, மூன்றாவது சோதனை. மூன்றையும் கீழே இழுத்துவிடுங்கள். சோதனை எல்லா வரியிலும் பூஜ்யமாக வர வேண்டும். வராத இடத்தில் பெரும்பாலும் பக்கம் திரும்பும்போது ஒரு வரி விட்டுப்போயிருக்கும், அல்லது விவரத்திலுள்ள செக் நம்பர் தொகையாக ஏறியிருக்கும்.

தேதியிலும் அவர் கைவரிசை இருந்தது. அமெரிக்க அமைப்பில் இருந்த எக்செல் 03/04-ஐ மார்ச் 4 ஆக்கி, முந்தைய நிதியாண்டுக்குத் தள்ளிவிட்டது. 13/04 போன்றவை தேதியாக மாறாமல் கட்டத்தின் இடது ஓரத்தில் எழுத்தாகவே நிற்கும். அப்படி நிற்பதைக் கண்டால், சரியாக இருப்பதுபோல் தெரியும் மற்ற தேதிகளையும் நம்பாதீர்கள்.

இருப்பு இல்லாத ஸ்டேட்மென்ட்டில் இந்தச் சூத்திரம் உதவாது. நெட் பேங்கிங்கில் எக்செல் அல்லது சி.எஸ்.வி டவுன்லோட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் பற்றும் வரவும் பொதுவாகத் தனித்தனியாகவே இருக்கும், யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.