கத்தாத காமெடி வேண்டுமா? மாக்குமென்டரி, நையாண்டித் தொடர்கள்: ஓர் ஒப்பீடு

வழுக்கி விழுவது, முகத்தில் கேக் அடிப்பது, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவது, இதெல்லாம் இல்லாத காமெடி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "மாக்குமென்டரி பாருங்கள்" என்பார்கள், கூடவே 'தி ஆபீஸ்' என்று ஒரு பெயரும் சொல்வார்கள். பாதிதான் சரி. மாக்குமென்டரி என்பது ஒரு படமாக்கும் முறை, அவ்வளவுதான். ஆவணப்படம் எடுக்க வந்தவர்கள் போலக் கையில் பிடித்த கேமரா, நடுநடுவே பாத்திரங்கள் தனியாக உட்கார்ந்து தரும் பேட்டி, இவற்றை வைத்துக்கொண்டு அமைதியான காமெடியும் எடுக்கலாம், அடிதடி ரகளையும் எடுக்கலாம்.

அமெரிக்க 'தி ஆபீஸ்' (2005 முதல் 2013 வரை, 201 பகுதிகள்) அதற்கு நல்ல உதாரணம். ஐந்தாம் சீசனில் 'ஸ்ட்ரெஸ் ரிலீஃப்' என்ற பகுதியின் தொடக்கத்தில், தீயணைப்புப் பயிற்சி என்ற பெயரில் டுவைட் என்ற ஊழியன் அலுவலகத்துக்குள் நிஜமாகவே புகை வரவைக்கிறான். ஜன்னலை உடைக்கிறார்கள், அலறுகிறார்கள், மேற்கூரையிலிருந்து பூனை ஒன்று விழுகிறது. ரசிகர்கள் அடிக்கடி பகிரும் காட்சி அது, கச்சிதமாகவும் எடுத்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் எதைத் தவிர்க்க நினைத்தீர்களோ அது அப்படியே அங்கே இருக்கிறது.

சரி, பிரிட்டிஷ் 'தி ஆபீஸ்' (2001 முதல் 2003 வரை) பார்க்கலாமா? ஆறு ஆறு பகுதிகளாக இரண்டு சீசன்கள், கடைசியில் இரண்டு பாகமாக ஒரு கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதி. சத்தம் மிகக் குறைவு, பின்னணிச் சிரிப்பொலி கிடையாது, யாரும் விழுவதில்லை. ஆனால் இங்கே வேறு ஒரு தொல்லை. முதல் பகுதியிலேயே மேலாளர் டேவிட் பிரென்ட், புதிதாக வந்தவனைச் சிரிக்க வைப்பதற்காக, வரவேற்பாளர் டானைத் திருட்டுக் குற்றம் சாட்டி வேலையைவிட்டுத் தூக்குவது போல் நடிக்கிறார். அவள் அழுகிறாள். அறையில் சத்தமே இல்லை, கேமரா நகர மறுக்கிறது, பார்க்கிற நமக்குத்தான் உடம்பு கூசுகிறது. சத்தமான காமெடி பிடிக்காது என்பவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் பிடிக்காதது டெசிபல் இல்லை. திரை நம்மைப் பிடித்து உலுக்குவதுதான் பிடிக்காது. பிரென்டின் தொடர் சத்தமில்லாமல் உலுக்குகிறது. சங்கடம் தாங்குவேன் என்றால் இதைவிடச் சிறந்தது குறைவு, தாங்க மாட்டேன் என்றால் இதில் தொடங்காதீர்கள்.

ஆகவே வடிவத்தை விட்டுவிட்டு, சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. என் கணக்கில், இந்த ரசனைக்காரர்களுக்கு அதிகம் ஒத்துவருவது கூட்டம் நடத்தும் மனிதர்களைப் பற்றிய தொடர்கள். அமைச்சரகம், குழு, ஆணையம் என்று ஒரு மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, ஒரு சின்னப் பிரச்சினையைப் பேசிப் பேசியே பெரிதாக்குவார்கள். உடல் அசைவுக்கு அங்கே வேலையே இல்லை. இந்த வகையில் நான்கு தொடர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், நான்கும் ஒரே இனம் போலத் தெரிந்தாலும் காதுக்கு நான்கு விதம்.

முதலில் 'யெஸ் மினிஸ்டர்' (1980 முதல் 1984 வரை, தொடர்ச்சியான 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' 1986 முதல் 1988 வரை). இது மாக்குமென்டரி இல்லை, நேரடி நையாண்டி. அமைச்சர் ஹாக்கரும் அவருடைய துறைச் செயலர் சர் ஹம்ஃப்ரியும் மோதுவதுதான் கதை, ஆயுதம் வாக்கிய அமைப்பு மட்டும். ஒரு பகுதியில் புதிதாகக் கட்டிய மருத்துவமனையில் நிர்வாக ஊழியர் 500 பேர் இருக்கிறார்கள், நோயாளி ஒருவர்கூட இல்லை. இதில் என்ன தவறு என்பதே ஹம்ஃப்ரிக்குப் புரியவில்லை. நாட்டிலேயே மிக நன்றாக நடக்கும் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று, சுகாதாரத்துக்கான பரிசுக்குக்கூடப் பரிந்துரை ஆகியிருக்கிறது! இந்த வாதத்தை யாரும் கத்திச் சொல்லவில்லை, கோப்பில் எழுதுகிற தொனியில் சொல்கிறார்கள், அதனால்தான் அது கொட்டுகிறது. ஒரே இடைஞ்சல், பார்வையாளர்கள் முன் பதிவு செய்ததால் அவர்களின் சிரிப்பு முழுக்கக் கேட்கும். பிறகு ஒட்டவைத்த சிரிப்பு இல்லை, நிஜமானது. நடிகர்களும் அது அடங்கும்வரை நிறுத்தி, பிறகு பேசுவார்கள். சிலருக்கு இரண்டு பகுதிகளில் பழகிவிடும், சிலருக்குக் கடைசிவரை எரிச்சலாகவே இருக்கும். பின்னணிச் சிரிப்பே கூடாது என்று கறாராக இருப்பவர்கள் இதைத் தாண்டிவிடலாம், நஷ்டம் பெரிது என்றாலும்.

'தி திக் ஆஃப் இட்' (2005 முதல் 2012 வரை) அதே பிரிட்டிஷ் அமைச்சரகத்தைச் சிரிப்பொலி இல்லாமல், ஆட்டமான கேமராவுடன் காட்டுகிறது. விமர்சகர்கள் கொண்டாடிய தொடர், எனக்கும் மிகப் பிடிக்கும். ஆனாலும் இந்தத் தேடலுக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், ஏனென்றால் அதன் மையமே மால்கம் டக்கர் என்கிற ஆள் அறைக்குள் வந்து எல்லோரையும் திட்டுவது. வசைகள் அசாத்தியக் கற்பனையோடு எழுதப்பட்டவை, ஆனால் வசைகள்தான், உரத்த குரலில்தான். இதை உருவாக்கிய அர்மாண்டோ இயனூச்சியின் அமெரிக்கத் தொடர் 'வீப்'பும் இதே ரகம். "நையாண்டி என்றால் அமைதியாக இருக்கும்" என்று நினைத்து வருபவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான்.

மீதி இரண்டும் விசித்திரமான ஜோடி. இரண்டுமே ஒலிம்பிக் போட்டிக்கு ஏற்பாடு செய்யும் குழுவைப் பற்றிய மாக்குமென்டரிகள். ஆஸ்திரேலியாவின் 'தி கேம்ஸ்' 1998, 2000 ஆகிய ஆண்டுகளில் வந்தது, சிட்னி ஒலிம்பிக்கைப் பற்றியது. 'ட்வென்டி ட்வெல்வ்' 2011, 2012இல் வந்தது, லண்டன் ஒலிம்பிக்கைப் பற்றியது.

'தி கேம்ஸ்' எவ்வளவு அடக்கமானது என்று தெரிய ஒரு காட்சி போதும். நூறு மீட்டர் ஓட்டத்துக்கான தடத்தைக் கட்டியவரை, ஏற்பாட்டுக் குழுவில் ஒருவராக நடிக்கும் ஜான் கிளார்க் கூப்பிட்டு விசாரிக்கிறார். தடம் 94 மீட்டர்தான் இருக்கிறது. கட்டியவருக்கு இது ஒரு பிரச்சினையாகவே தோன்றவில்லை. கிளார்க் கோபப்படாமல், நூறு மீட்டர் பந்தயம் என்பது நூறு மீட்டர் தூரத்துக்கு ஓடுவது என்று படிப்படியாக விளக்க வேண்டியிருக்கிறது. முகத்தில் ஒரு தசைகூடக் கூடுதலாக அசையாது, எதிராளியும் அசைய மாட்டார், குரல் ஏறாது. அபத்தம் முழுவதும் அந்த ஆறு மீட்டரில் இருக்கிறது. வேறு ஒருவர் கையில் இது மேசையைக் குத்திக் கத்தும் காட்சியாக ஆகியிருக்கும்.

இந்தத் தொடர் வெறும் விளையாட்டும் இல்லை. இரண்டாம் சீசனில், பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்கும் ஓர் அறிக்கையை 'ஜான் ஹோவர்ட்' வாசிப்பார். அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமரின் பெயரும் அதுதான், அவர் அப்படிப்பட்ட மன்னிப்பைக் கேட்க மறுத்து வந்தார். வாசித்தவர் அதே பெயருள்ள நடிகர். நகைச்சுவை என்று பார்த்தால் பெயர்ப்பொருத்தம் ஒன்றுதான், ஆனால் அறிக்கையின் வாசகம் நிஜமானது, நேர்மையானது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார வைக்கும். நையாண்டி இந்த உயரத்துக்கு அடிக்கடி போவதில்லை.

'ட்வென்டி ட்வெல்வ்' இதைவிடப் பளபளப்பானது. டேவிட் டெனன்ட் எந்த உணர்ச்சியும் இல்லாத செய்திக் குரலில் பின்னணி பேசுகிறார். ஹ்யூ பானவில் நடிக்கும் குழுத் தலைவர், எல்லாம் கைமீறிப் போன பிறகும் "எல்லாம் நல்லபடிதான்" என்கிற மாதிரி முடிக்கிறார். விளம்பரப் பொறுப்பாளர் ஷிவான் மட்டும் கொஞ்சம் அதிவேகம், காதைப் பதம் பார்ப்பார், எச்சரித்துவிடுகிறேன். முதல் பகுதியில் போட்டிக்கான நாள் எண்ணும் கடிகாரம் ஒன்றால் குழு மாட்டிக்கொள்ளும். அது ஒளிபரப்பானதற்கு அடுத்த நாள் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருந்த நிஜக் கடிகாரமே நின்றுபோனது, எழுத்தாளருக்கு அதற்கு மேல் விளம்பரம் தேவைப்பட்டிருக்காது.

இரண்டில் எது? வறண்ட, முகம் மாறாத நகைச்சுவை மட்டும் போதும் என்றால் 'தி கேம்ஸ்'. ஆனால் படம் பழைய டிவி நிகழ்ச்சி போல மங்கலாக இருக்கும், அந்தக் கால ஆஸ்திரேலிய அரசியல் குறிப்புகள் சில நழுவிப் போகும். கண்ணுக்கும் இதமாக வேண்டும், பாத்திரங்கள் மேல் கொஞ்சம் பாசமும் வர வேண்டும் என்றால் 'ட்வென்டி ட்வெல்வ்', அது பிடித்தால் அதை எழுதிய ஜான் மார்டனே எழுதி, அதே பானவில் நடித்த W1A என்ற தொடர். புதியவர் ஒருவருக்கு ஒன்றுதான் சொல்ல வேண்டுமென்றால் நான் 'ட்வென்டி ட்வெல்வ்' என்பேன். என் சொந்த விருப்பம் மற்றது.

தெரியாத ஒரு தொடரைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் பகுதியின் தொடக்கத்தை நம்ப வேண்டாம், அங்கே எல்லாத் தொடரும் கொஞ்சம் ஆட்டம் போடும். நடுவிலிருந்து ஏதாவது ஓர் உரையாடல் காட்சியை எடுத்து, ஒவ்வொரு நகைச்சுவைக்கும் பிறகு கேமரா என்ன செய்கிறது என்று பாருங்கள். உடனே யாரோ ஒருவர் கேமராவை நோக்கி முழிக்கிறார், அடுத்த நகைச்சுவைக்கும் முழிக்கிறார் என்றால், அது மாக்குமென்டரியின் சிரிப்பொலி. 'இங்கே சிரியுங்கள்' என்று சொல்வதற்கு ஒலிக்குப் பதில் ஒரு முகம். அளவோடு வந்தால் அழகு, நிமிடத்துக்கு ஒன்று வந்தால் அதுவும் சத்தம்தான்.

இன்னொன்று சப்டைட்டில். இந்த வகையில் பாதிச் சிரிப்பு இடைவெளியில் இருக்கிறது, எழுத்தோ வசனத்தின் முடிவை நடிகர் சொல்வதற்கு முன்பே காட்டிவிடும். உச்சரிப்புக்குக் காது பழகும்வரை வைத்துக்கொண்டு, பிறகு அணைத்துப் பாருங்கள். 'யெஸ் மினிஸ்டர்' மட்டும் விதிவிலக்கு, ஹம்ஃப்ரியின் வாக்கியங்களைப் படித்தாலும் ருசிதான்.

அப்புறம், 'பெஸ்ட் இன் ஷோ' (2000) என்ற நாய்க் கண்காட்சிப் படத்தையும் பலர் சொல்வார்கள். ஒன்றரை மணி நேரம், நல்ல படம், நடிகர்கள் பெரும்பாலும் வசனத்தை அந்த இடத்திலேயே உருவாக்கினார்கள். ஆனால் நாயின் பொம்மை தொலைந்ததற்காக ஒரு தம்பதி போடும் கூச்சல் உங்கள் வரம்பைத் தாண்டலாம். அதற்குப் பதில் 'கங்க் ஆன் எர்த்' (2022) பாருங்கள், ஐந்தே பகுதிகள். டயான் மார்கன் நிஜ அறிஞர்களிடம் போய், முகம் மாறாமல் முட்டாள்தனமான கேள்வி கேட்பார், அவர்களும் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். ஒரே உட்காரலில் ஐந்தையும் பார்க்காதீர்கள். கேள்வியின் அச்சு பிடிபட்டுவிட்டால் மூன்றாவதிலேயே அடுத்து என்ன கேட்பார் என்று ஊகிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.