பிரெஞ்சுக் கடையின் 40, நம்ம ஊர் 40

புதுச்சேரியில் பிரான்ஸ் சொந்தம் உள்ள வீடுகளில் இது வழக்கம்தான். அங்கிருக்கும் அத்தை ஒரு கவுனின் அளவு அட்டவணையைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, "உன் சைஸ் என்னம்மா, ஆர்டர் போடறேன்" என்பார். பதில் கண்டுபிடிக்க மூன்று வழி இருக்கிறது. மூன்றும் ஒரே பதிலைத் தராது என்பதுதான் சிக்கல்.

சுலபமானது லேபிளுக்கு லேபிள் பார்ப்பது. பிரான்ஸின் 40 ஜெர்மனியில் 38, இத்தாலியில் 44, பிரிட்டனில் 12. அந்த நாடுகளுக்குள் இது ஓரளவு ஓடும். நம்ம குர்த்தியின் 40 மார்புச் சுற்றின் இன்ச் கணக்கு. பிரெஞ்சு 40 சுமார் 92 சென்டிமீட்டர், அதாவது 36 இன்ச் மார்புக்கானது. இங்கே 40 போடுபவர் அங்கேயும் 40 சொன்னால் உடை உள்ளேயே நுழையாது.

அடுத்தது டேப். Tour de poitrine மார்பு, Tour de taille இடுப்பு, Tour de hanches தையல்காரர் சொல்லும் சீட். ஒருவருக்கு 36, 30, 39½ இன்ச் என்று வைப்போம். 2.54ஆல் பெருக்கினால் 91.4, 76.2, 100.3. அட்டவணையின் 40இல் 90–93, 72–75, 98–101 என்றிருந்தால், மார்பும் சீட்டும் பொருந்துகின்றன, இடுப்பு மட்டும் வெளியே நிற்கிறது. இடுப்பில் தையல் இல்லாத தொளதொள கவுன் என்றால் 40 போதும். இடுப்பைப் பிடித்துத் தைத்ததென்றால் 42 வாங்க வேண்டும். பெரிதாக இருந்தால் எந்த டெய்லரும் பிடித்துத் தைத்துத் தருவார். பிரித்துவிட ரெடிமேட் துணியில் உள்ளே துணியே இருக்காது.

போட்டோ சாய்ந்திருந்தால் கண் வரிசை மாறிவிடும், 3ம் 8ம் ஒன்றுபோலத் தெரியும். சைஸுக்கு சைஸ் எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். எல்லா இடத்திலும் 4 கூடி, ஓரிடத்தில் மட்டும் 9 கூடினால் அந்த எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி, டெய்லரிடம் அளவு ஜாக்கெட் கொடுப்பதுபோல. சில கடைகள் உடம்பை விட்டு உடையை அளந்து போடும். 40 சைஸின் மார்புக்கு 48 என்று இருந்தால் அது தரையில் விரித்து அக்குளிலிருந்து அக்குள் வரை எடுத்த பாதி அளவு. இரண்டால் பெருக்கினால் 96. உடம்பு 91.4 போக மிச்சம் 4.6 சென்டிமீட்டர், இரண்டு இன்ச்கூட இல்லை. நன்றாகப் பொருந்தும் உங்கள் பழைய கவுனை அதே மாதிரி விரித்து அளந்து 51 வந்தால், சுற்றில் 6 சென்டிமீட்டர் குறைகிறது. நம்ம ஊர் மே மாத வேர்வையில் அதைப் போட முடியாது. 42க்கு 50 போட்டிருந்தால் குறைவது 2தான், அதைச் சொல்லிவிடலாம்.

இழுத்தால் நீளும் பனியன் துணிக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அங்கே உடை உடம்பைவிடச் சிறிதாகவே தைக்கப்பட்டிருக்கலாம். அப்போது டேப்பும் உடம்பளவு அட்டவணையும்தான்.