எம்.பி.ஏ. சீட்டுக்கு 1,20,000 கட்டி ஏமாந்தேன், காட்பாடிப் பக்கம் இருப்பவர்கள் படியுங்கள்

நேற்று மாலைதான் எல்லாம் முடிந்தது என்று புரிந்தது. கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மெக்கானிக்கல். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பாகங்கள் செய்யும் கம்பெனியில் நாலு வருஷமாகத் தரக்கட்டுப்பாடு. கைக்கு 45,000 வருகிறது. ஐ.ஐ.எம்.கள் நடத்தும் கேட் தேர்வில் 71 பெர்சன்டைல். அதை வைத்துப் பெரிய இடம் எதுவும் கிடைக்காது என்று எனக்கே தெரியும். அப்போதுதான் காட்பாடியில் பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த ஒரு அட்மிஷன் கன்சல்டன்சிக்குப் போனேன்.

அந்த ஆள் முதலில் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அப்பா பெல்லில் ரிட்டையர் ஆனவர் என்றதும், "அட, நம்ம ஊர்ப் பையனாப்பா நீ" என்று டீ வரவழைத்தார். அந்த டீதான் என்னைக் கவிழ்த்தது. அப்புறம் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: வெளியூர் கல்லூரி, எம்.பி.ஏ. மாதிரியே ரெண்டு வருஷ பி.ஜி.டி.எம்., கட்டணம் 12 லட்சம், சராசரிச் சம்பளம் 11 லட்சம். "ஒண்ணே கால் வருஷத்துல போட்ட காசு வந்துடும் தம்பி. ரெண்டே சீட்டு இருக்கு, இன்னைக்கே பிளாக் பண்ணிடுங்க." அம்மாவின் செயினை அடகு வைத்து 1,20,000 அனுப்பினேன். கல்லூரிக் கணக்குக்கு இல்லை, அவருடைய நம்பருக்கு ஜிபே. அந்த இடத்திலேயே என் மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும்.

மூன்று நாள் கழித்து கம்பெனி பஸ்ஸில் ஒரு சீனியர் அண்ணன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் உன் சம்பளம் எங்கேடா?" என்றார். வேலையை விட்டால் ரெண்டு வருஷத்தில் போகும் 10.8 லட்சம் அதில் இல்லை. ஹாஸ்டல், சாப்பாடு என்று 3 லட்சமும் இல்லை. ஆக உண்மையான செலவு 12 இல்லை, கிட்டத்தட்ட 26 லட்சம்.

வரவுப் பக்கம் அதைவிட மோசம். அந்தக் கல்லூரியில் படிக்கும் ஒரு பையனைப் பிடித்துக் கேட்டோம். 11 லட்சம் என்பது நாலைந்து பெரிய சம்பளங்கள் மேலே இழுத்துவிட்ட சராசரியாம். வரிசையில் நடுவில் நிற்பவனுக்கு 7.8 லட்சம்தான், அதிலும் ஒரு பகுதி டார்கெட் முடித்தால் வரும் காசு. கைக்கு 55,000 வந்தால் அதிகம். மூன்று வருஷம் பிளான்ட்டில் இருந்த அவனும் நேற்றுக் கல்லூரி முடித்தவனும் ஒரே சேல்ஸ் வேலைக்கு ஒரே சம்பளத்தில் போகிறார்களாம். நான் இங்கேயே இருந்து வருஷம் 8 சதவீதம் ஏறினாலும் ரெண்டு வருஷத்தில் 52,000 வாங்குவேன். 3,000 ரூபாய்க்காகவா 26 லட்சம்? கட்டணத்தை 11 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால், படிக்கும் காலத்து வட்டியும் சேர்ந்து ஏழு வருஷத்துக்கு மாதம் 25,000 கட்ட வேண்டும். 55,000 வாங்கி 25,000 கட்டிவிட்டு எதைத் தின்பது?

சரி, வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று போனேன். "சார் மீட்டிங்ல இருக்கார்." "திங்கட்கிழமை வாங்க." திங்கட்கிழமை போனால் "குடியாத்தம் போயிருக்கார்." மூன்றாவது வாரம் அவரே பேசினார், வேறு கல்லூரிக்கு அட்ஜஸ்ட் பண்ணித் தருகிறேன் என்று. இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்று, இந்த மாதிரிக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதியே இருக்கிறது. அதைச் சொல்லிக் கல்லூரிக்கு போன் செய்தேன். "உங்கள் பெயரில் எங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை, எங்களுக்கு ஏஜென்ட்டே கிடையாது" என்றார்கள். நேற்று ரசீதை எடுத்துப் பார்த்தால் பொடி எழுத்தில் "ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று இருக்கிறது. அந்த விதி கல்லூரிக்குக் கட்டிய பணத்துக்குத்தான் காவல். என் 1,20,000 கல்லூரிப் பக்கமே போகவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. கல்லூரிக் கணக்கைத் தவிர வேறு எங்கும் பணம் போடாதீர்கள். சராசரி சொன்னால் மீடியன், அதாவது வரிசையில் நடுவில் நிற்பவனின் சம்பளம் கேளுங்கள், அதிலும் நிலையான சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். செலவில் உங்கள் ரெண்டு வருஷச் சம்பளத்தையும் எழுதுங்கள். டீ குடிக்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். செயின் வட்டி அடுத்த வாரம் கட்ட வேண்டும், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.