பாதியில் விலகியவர்களை என்ன செய்வது: விட்டுவிடுவதா, எடை போடுவதா, இட்டு நிரப்புவதா?

பேனல் சர்வேயில் ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சந்திக்கிறோம், ஒவ்வொரு சுற்றிலும் சிலர் காணாமல் போகிறார்கள். ஆள் குறைவதைவிடப் பெரிய சிக்கல், யார் போகிறார்கள் என்பதுதான். ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம் (எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை).

முதல் சுற்றில் 1000 பேர். 500 பேருக்குச் சொந்த வீடு, 500 பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். இரண்டாம் சுற்றின்போது உண்மையில் வேலையில்லாதவர்கள் சொந்த வீட்டில் 20 பேர், வாடகை வீட்டில் 100 பேர், அதாவது மொத்தத்தில் 12%. ஆனால் இரண்டாம் சுற்றுக்குக் கிடைத்தது சொந்த வீட்டில் 450 பேர், வாடகையில் 250 பேர் மட்டும், ஏனென்றால் வாடகைக்கு இருப்பவர்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், புது முகவரி யாரிடமும் இருக்காது.

முதல் வழி, வந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது. வந்தவர்களிலும் வேலையில்லாதோர் பங்கு அதே 4%, 20% என்று வைத்தால் 450-இல் 18, 250-இல் 50, ஆக 700-க்கு 68. விடை 9.7%. மென்பொருள் எதுவும் கேட்காமலே செய்துவிடுவது இதைத்தான், அதனால்தான் இது ஆபத்து.

இரண்டாவது, நேர்மாறு நிகழ்தகவு எடை. ஒருவர் தொடர்ந்திருப்பதற்கான நிகழ்தகவு p என்றால் அவருக்கு 1/p எடை. சொந்த வீட்டாருக்கு p = 0.9, எடை 1.11. வாடகையாருக்கு p = 0.5, எடை 2, அதாவது வந்த ஒவ்வொருவரும் தன்னைப் போன்ற, வராத இன்னொருவருக்கும் சேர்த்துப் பேசுகிறார். இப்போது 18 × 1.11 = 20, 50 × 2 = 100. 1000-க்கு 120, சரியாக 12%. நிஜத்தில் p-ஐ லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் முதல் சுற்றுத் தகவல்களை வைத்து மதிப்பிடுவோம். பல சுற்றுகள் இருந்தால், யாராவது ஒருமுறை விலகினால் திரும்ப வருவதில்லை என்ற நிலையில், சுற்றுவாரி நிகழ்தகவுகளைப் பெருக்க வேண்டும்: 0.9, பிறகு 0.8 என்றால் 0.72, எடை 1.39.

இதற்கு ஒரு விலை உண்டு. எடைகள் சமமாக இல்லாததால் துல்லியம் குறையும். புள்ளியியலாளர் கிஷ் சொன்ன `(Σw)²/Σw²` என்ற கணக்கில், w என்பது ஒவ்வொருவரின் எடை, நம் 700 பேர் சுமார் 643 பேருக்குச் சமம். இது பரவாயில்லை. ஆனால் யாருக்காவது p = 0.02 என்று வந்துவிட்டால் அவர் ஒருவரே 50 பேருக்குப் பேசுவார், அவர் சொல்லும் ஒரு பதில் மொத்த விடையையே ஆட்டிவிடும். அதனால் எடைகளின் உச்சத்தை முதலில் பாருங்கள். வெட்டிக் குறைக்கலாம், ஆனால் வெட்டிய அளவுக்கு, ஆட்கள் விலகியதால் விடையில் வந்த சாய்வு கொஞ்சம் திரும்பி வரும். அப்புறம், விலகலோடு மட்டும் தொடர்புள்ள, நாம் அளக்கும் விஷயத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத மாறிகளை மாடலில் திணித்தால் சாய்வு குறையாது, எடைகள்தான் தாறுமாறாகும்.

மூன்றாவது, விடுபட்ட பதில்களைப் பன்முறை இட்டு நிரப்புவது. இங்கே மாடல் விலகலுக்கு இல்லை, பதிலுக்கு. வந்தவர்களிடம் வருமானக் கேள்வி மட்டும் அங்கங்கே காலியாக இருந்தால் இதுதான் நல்லது. ஒருவரின் முழுக் கேள்வித்தாளுமே இல்லை, நூறு மாறிகளை நிரப்ப வேண்டும் என்றால், எனக்கு எடைதான் பிடிக்கும்: ஒரே மாடல், எல்லா மாறிக்கும் அதே எடை. இரண்டையும் சேர்த்த இரட்டைக் காப்பு மதிப்பீடுகளும் உண்டு, இரண்டு மாடலில் ஒன்று சரியாக இருந்தாலே போதும்.

ஆனால் எல்லாமே ஒரே இடத்தில்தான் தடுக்கி விழும். வாடகையாரில் வேலையிருக்கும் 400 பேரில் 220 பேர் வந்தார்கள், வேலை இழந்த 100 பேரில் 30 பேர் மட்டுமே வந்தார்கள் என்று வையுங்கள். மொத்தம் அதே 250, எடையும் அதே 2. எடையில்லாமல் 6.9% வரும், எடையோடு 8%. உண்மை 12%. வேலை போனதால்தான் ஆள் போனார், அந்தச் செய்தி முதல் சுற்றுத் தகவலில் இல்லை. இட்டு நிரப்பினாலும் வந்த 250 பேரைப் பார்த்துத்தான் நிரப்புவோம், அதே குழிதான்.

இதை ஓரளவு மோப்பம் பிடிக்கலாம். முதல் சுற்றில் எல்லோருடைய பதிலும் நம்மிடம் இருக்கிறது, அதனால் தொடர்ந்தவர்களை மட்டும் எடுத்து, எடை போட்டு, முதல் சுற்று வேலையின்மையைக் கணக்கிட்டு 1000 பேரின் விடையோடு ஒப்பிடுங்கள். மாடலில் சேர்க்காத மாறிகளுக்கும் இதையே செய்யுங்கள். அங்கே இடைவெளி மிஞ்சினால் மாடலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. 1968-இல் தொடங்கிய அமெரிக்காவின் பி.எஸ்.ஐ.டி. பேனல் 1989-க்குள் ஏறக்குறைய பாதிப் பேரை இழந்திருந்தது, ஆனாலும் 1998-இல் ஃபிட்ஸ்ஜெரால்ட், காட்ஷாக், மாஃபிட் மூவரும் இந்த வகைச் சோதனைகளோடு அலசியபோது பேனலின் பிரதிநிதித்துவம் பெரிதாகச் சிதையவில்லை என்றே கண்டார்கள். விலகல் சதவீதத்தை மட்டும் பார்த்து ஒரு பேனலை ஒதுக்க முடியாது. இரண்டு சுற்றுக்கு இடையில் நடந்து, ஆளையும் கூட்டிப்போய்விட்ட மாற்றத்தை மட்டும் இந்தச் சோதனை காட்டாது. அதற்கு, வராத வேலையற்றோரின் பங்கைச் சற்றுக் கூட்டிக் கூட்டி வைத்து விடை எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.